போனில் தெரிந்த கோடு தாளில் எங்கே போச்சு?

உங்கள் பகுதியில் ஆறு தெருக்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் குடிநீர் வந்தது என்று ஒரு மாதம் விடாமல் குறித்து வைத்திருக்கிறீர்கள். அதை ஒரு அட்டவணையாகப் போட்டு, கீழே ஒரு சார்ட்டும் சேர்த்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு கொடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபைலை பிடிஎஃப் ஆக்கிப் போனில் பார்த்தீர்கள், கட்டமெல்லாம் அழகாக இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு காப்பி எடுத்தீர்கள்.

தாளைக் கையில் வாங்கினால் எண்கள் இருக்கின்றன, கட்டங்களைக் காணோம். சார்ட்டில் பட்டைகள் இருக்கின்றன, அவற்றின் உயரத்தைக் காட்டும் குறுக்குக்கோடுகளைக் காணோம். கடைக்காரர், “பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, எழுத்தெல்லாம் கறுப்பா விழுது பாருங்க” என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. முப்பது வரிசை, ஆறு பத்தி உள்ள அட்டவணையில் கோடு இல்லாவிட்டால், படிப்பவரின் கண் 17-ஆம் தேதியில் தொடங்கி 18-ஆம் தேதி எண்ணில் போய் நிற்கும். சார்ட்டில் குறுக்குக்கோடு இல்லாவிட்டால், நான்காவது தெருவின் பட்டை ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்ல வந்த விஷயமே அந்தக் கோட்டில்தான் இருந்தது. அது ஏன் காணாமல் போகிறது, எப்படித் திரும்பக் கொண்டு வருவது என்று பார்ப்போம்.

முதலில் போனிலேயே ஒரு சோதனை

கோடு மறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. எது என்று தெரிந்தால்தான் சரி செய்ய முடியும். அதற்கு உங்கள் போனும் இரண்டு விரலும் போதும்.

பிடிஎஃப்-ஐத் திறந்து, கோடும் அதன் பக்கத்தில் ஓர் எழுத்தும் சேர்ந்து தெரிகிற இடத்தை விரல்களால் விரித்து நன்றாகப் பெரிதாக்குங்கள். நாலைந்து மடங்கு பெரிதாகட்டும். இப்போது கோட்டை மட்டும் கவனியுங்கள்.

எழுத்து தடிமனாகிக்கொண்டே போக, கோடும் அதே போலத் தடிமனானால், அந்தக் கோட்டுக்கு உண்மையான பருமன் இருக்கிறது. அது தாளில் மறைந்தால், பெரும்பாலும் அதன் நிறம் வெளிறியதாக இருக்கும்.

எழுத்து மட்டும் பெரிதாகி, கோடு முன்பு போலவே இழையாக நின்றால், அது மயிரிழைக் கோடு. நம் கதையில் வரும் முக்கியக் குற்றவாளி இதுதான்.

கோடும் எழுத்தும் சேர்ந்தே மங்கி, கட்டம் கட்டமாக உடைந்தால், அது கோடே அல்ல, படம். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ ஸ்கேன் செய்தோ பிடிஎஃப்-க்குள் வைத்திருக்கிறார்கள்.

பிடிஎஃப்-இல் எங்குமே கோடு தெரியவில்லை, ஆனால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறந்தால் மட்டும் தெரிகிறது என்றால், நீங்கள் கோடு போடவே இல்லை. அந்த மென்பொருள்கள் நீங்கள் வேலை செய்ய வசதியாகத் திரையில் மட்டும் காட்டும் வழிகாட்டிக் கோடுகள் அவை. எக்செல்லில் Page Layout பகுதியில் Gridlines என்பதன் கீழே Print என்பதை டிக் செய்தால்தான் அவை அச்சாகும். அதைவிட, தேவையான கட்டங்களைத் தேர்ந்தெடுத்து Borders மூலம் உண்மையான கோடு போட்டுவிடுவது நல்லது.

பருமன் பூஜ்யம் என்றால் என்ன?

மயிரிழைக் கோட்டின் ரகசியம் பிடிஎஃப்-இன் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பிடிஎஃப்-க்குள் ஒவ்வொரு கோட்டுக்கும் ‘இவ்வளவு பருமன்’ என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் பூஜ்யமாகவும் இருக்கலாம். ஃபைலுக்குள் அது இப்படி இருக்கும்:

```
0 w
```

பருமன் பூஜ்யம் என்றால் கோடே இருக்கக் கூடாது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பிடிஎஃப் விதிப்படி இதன் பொருள் வேறு: ‘நீ எந்தக் கருவியோ, உன்னால் முடிந்த ஆக மெல்லிய கோட்டைப் போடு.’ திரையில் அது ஒரு பிக்சல். பிரிண்டரில் அது ஒரு புள்ளி. ஆக, கோட்டின் பருமனை முடிவு செய்வது நீங்கள் அல்ல, அதைக் காட்டுகிற கருவி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் போன் திரையின் அகலம் 1080 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். முழுப் பக்கமும் திரை அகலத்துக்குத் தெரியும்போது, ஒரு பிக்சல் என்பது தாளில் சுமார் 0.19 மில்லிமீட்டருக்குச் சமம். அதாவது பக்கத்தோடு ஒப்பிட்டால், பூஜ்யப் பருமன் கோடு போனில் 0.19 மில்லிமீட்டர் கோடு போலத் தெரிகிறது. பேனாவால் போட்ட நல்ல மெல்லிய கோடு மாதிரி.

அதே ஃபைல் 600 டிபிஐ லேசர் பிரிண்டருக்குப் போகிறது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. ஓர் அங்குலத்தில் 600 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர்தான். போனில் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே பொதுவாக இதைவிடப் பருமன். 1200 டிபிஐ-இல் அடித்தால் அதிலும் பாதி.

ஆகவே பிரிண்டர் எவ்வளவு உயர்ந்த தரமோ, அவ்வளவு மோசமாக இந்தக் கோடு தெரியும். ‘பழைய பிரிண்டர்ல வந்துச்சு, புதுசுல வரலையே’ என்று சிலர் குழம்புவது இதனால்தான். பழையது ஒருவேளை 300 டிபிஐ-இல் அடித்திருக்கும். அதில் ஒரு புள்ளியே 0.08 மில்லிமீட்டருக்கு மேல்.

0.04 மில்லிமீட்டர் கோடு நல்ல நிலையில் உள்ள பிரிண்டரில் மெல்லியதாகவாவது விழும். ஆனால் டோனர் தூளின் ஒரு துகளே 0.005 முதல் 0.01 மில்லிமீட்டர் வரை இருக்கும். நாலைந்து துகள் அகலமே உள்ள கோடு, டிரம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், டோனர் தீரும் நிலையில் இருந்தாலும் அங்கங்கே விட்டுப்போகும். எழுத்தின் கால்கள் அதைவிடப் பல மடங்கு பருமன் என்பதால் அவை தப்பிவிடும். அதனால்தான் கடைக்காரருக்கு எழுத்து கறுப்பாகத் தெரிந்தது.

கணினியில் பார்க்கும்போது இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அக்ரோபேட் ரீடரில் Enhance thin lines என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மெல்லிய கோடுகளைத் திரையில் மட்டும் கொஞ்சம் தடிமனாகக் காட்டும் வசதி அது. கண்ணுக்கு இதம்தான், ஆனால் தாளில் என்ன விழும் என்பதை அது காட்டாது. Preferences-இல் Page Display பகுதிக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மை நிலவரம் கொஞ்சம் புரியும்.

சாம்பல் நிறம் செய்கிற வேலை

இன்னொரு காரணம் நிறம். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரிடம் இருப்பது கறுப்புத் தூள் மட்டும்தான். சாம்பல் என்று ஒரு தூள் அதனிடம் இல்லை. சாம்பல் நிறம் கேட்டால், அது கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தூவும். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது சாம்பலாகத் தெரியும். கோலமாவைக் கைநிறைய அள்ளிப் போடுவதற்கும், விரலிடுக்கில் கொஞ்சமாகத் தூவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அகலமான பட்டையை இப்படி நிரப்பினால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே ஒரு புள்ளி அகலமுள்ள கோட்டை 30 சதவீதச் சாம்பலில் கேட்டால் என்ன ஆகும்? கோடு போகிற பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு புள்ளிதான் விழும், மீதி வெள்ளை. சில இடத்தில் கோடு அந்தப் புள்ளிகளின் வரிசைக்கு நடுவே போய், சுத்தமாக மறைந்தே போகும். ஒரு தாளில் சில கோடு மட்டும் வந்து, சில கோடு வராமல் இருந்தால் இதுதான் காரணம் என்று சந்தேகப்படலாம்.

லிப்ரே ஆபீஸில் சார்ட் போடுபவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும். அதில் குறுக்குக்கோடுகளும் அச்சுக்கோடுகளும் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் பருமன் பூஜ்யம், நிறம் வெளிர் சாம்பல். எக்செல்லில் சார்ட் கோட்டுக்கு வழக்கமாக 0.75 பாயிண்ட் பருமன் இருக்கும். ஆனால் நிறம் மிகவும் வெளிறிய சாம்பல்.

நம் குடிநீர் அட்டவணையைச் சரி செய்வோம்

மூல ஃபைல் உங்களிடம் இருந்தால், அங்கேயே சரி செய்வதுதான் நிரந்தர வழி. நம் அட்டவணை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்தது என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கோட்டின் பருமனை இந்த மென்பொருள்கள் ‘பாயிண்ட்’ என்ற அளவில் சொல்லும். ஒரு பாயிண்ட் சுமார் 0.35 மில்லிமீட்டர். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதலில் அட்டவணை. எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, Format, பிறகு Cells, பிறகு Borders என்று போனால் Width என்ற இடம் வரும். அங்கே Hairline (0.05pt) என்று இருந்தால், ஆள் அகப்பட்டார். இது பூஜ்யம் இல்லைதான். ஆனால் 0.05 பாயிண்ட் என்பது 0.02 மில்லிமீட்டர்கூட இல்லை. 600 டிபிஐ பிரிண்டரின் ஒரு புள்ளியில் பாதியைவிடக் குறைவு. அதை 0.75pt ஆக்குங்கள். நிறம் கறுப்பு.

அடுத்து சார்ட். சார்ட்டின் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, ஏதாவது ஒரு குறுக்குக்கோட்டின் மேல் வலது கிளிக் செய்தால் Format Major Grid என்று வரும். அதற்குள் Line பகுதியில் Width பூஜ்யமாக இருக்கும். அங்கே 0.5pt என்று தட்டச்சு செய்யுங்கள். நிறத்தைக் கறுப்பாக்குங்கள். அதே போல அச்சுக்கோட்டின் மேல் வலது கிளிக் செய்து Format Axis-இல் 1pt கொடுங்கள்.

‘எல்லாக் கோடும் கறுப்பா இருந்தா சார்ட் அடைசலா இருக்காதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் குறுக்குக்கோட்டுக்கு 0.5, அச்சுக்கோட்டுக்கு 1 என்று பருமனில் வித்தியாசம் வைத்தோம். மெல்லிய கோட்டை அடக்கமாகக் காட்ட வேண்டுமானால் பருமனைக் குறைத்துக் காட்டுங்கள், நிறத்தை வெளிறச் செய்து காட்டாதீர்கள். அதோடு, பத்துக் குறுக்குக்கோடு இருந்தால் அதை நான்காகக் குறைக்கலாம். நம் சார்ட்டில் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி ஆகிய நான்கு கோடு போதுமே.

0.5 பாயிண்ட் என்றால் 600 டிபிஐ பிரிண்டரில் நான்கு புள்ளி அகலம். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மூன்று நிற்கும். மனுவை அலுவலகத்தில் மறுபடி ஜெராக்ஸ் எடுப்பார்கள், ஸ்கேன் செய்வார்கள் என்று தெரிந்தால் 0.75 வைப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு நகலிலும் கோடு கொஞ்சம் இளைக்கும்.

இப்போது புதிதாக பிடிஎஃப் எடுத்து, போனில் அதே விரல் சோதனையைச் செய்யுங்கள். பெரிதாக்கும்போது கோடும் சேர்ந்து தடிமனாக வேண்டும். வந்தால் வேலை முடிந்தது.

வேர்டில் செய்தவர்களுக்கு: அட்டவணைக்கு வழக்கமாக ½ pt கோடு இருக்கும், அது போதும். கோடே இல்லாத அட்டவணையில் View Gridlines காட்டும் புள்ளிக்கோடு மட்டும் அச்சில் வராது. போனில் கூகுள் டாக்ஸில் செய்தால், அட்டவணையைத் தேர்ந்தெடுத்து அதன் Border width 1 pt-க்குக் குறையாமலும், நிறம் கறுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கு, என்ன செய்வது?

மூல ஃபைல் இல்லை, வேறு யாரோ அனுப்பிய பிடிஎஃப் என்றால், அச்சடிக்கும் இடத்தில்தான் சமாளிக்க வேண்டும். கடையில் இந்த நான்கையும் வரிசையாகக் கேளுங்கள்.

1. டோனர் மிச்சம் பிடிக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். Toner Save, EconoMode, Draft என்று பிரிண்டருக்கு ஏற்பப் பெயர் மாறும். மெல்லிய கோடுதான் அதில் முதல் பலி.

2. Fit என்பதற்குப் பதில் Actual size வைக்கச் சொல்லுங்கள். ஏ3 பக்கத்தை ஏ4-இல் அடித்தாலோ, ஒரே தாளில் இரண்டு பக்கம் அடித்தாலோ, எல்லாம் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். 0.5 பாயிண்ட் கோடு 0.35 ஆகிவிடும். பக்கம் தாளைவிடப் பெரிது என்றால் அதே அளவுத் தாளில் அடிப்பதுதான் வழி.

3. அக்ரோபேட் ரீடரில் Print, பிறகு Advanced அழுத்தினால் Print As Image என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டு 300 dpi தேர்ந்தெடுக்கலாம். இப்போது பக்கம் முழுவதும் முதலில் ஒரு படமாக மாறி, பிறகு பிரிண்டருக்குப் போகும். பூஜ்யப் பருமன் கோட்டுக்கு அந்தப் படத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். 300 டிபிஐ-இல் ஒரு புள்ளி என்பது 600-ஐ விட இரண்டு மடங்கு அகலம். எழுத்தின் ஓரம் சற்றே சொரசொரப்பாகும், அதுதான் இதற்கு விலை. சாம்பல் கோட்டுக்கு இது அவ்வளவாக உதவாது.

4. கடையில் கட்டணம் கட்டி வாங்கிய அக்ரோபேட் புரோ இருந்தால், அதில் Fix Hairlines என்ற வசதி உண்டு. இந்தப் பருமனுக்குக் கீழ் உள்ள கோட்டையெல்லாம் இந்தப் பருமனாக மாற்று என்று சொல்லிவிடலாம். அச்சகங்களில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்.

முதலில் ஒரே ஒரு பக்கம் அடித்துப் பார்த்து, கோடு வந்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு ரூபாயில் தெரிந்துவிடும்.

விரல் சோதனையில் ‘படம்’ என்று தெரிந்திருந்தால் மேலே சொன்னவை பெரிதாக உதவாது. சிறிய படத்தில் ஏற்கெனவே அழிந்த கோட்டை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அனுப்பியவரிடம் அசல் பிடிஎஃப்-ஐக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஆகவே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ வையுங்கள்.

சான்றிதழிலும் நில வரைபடத்திலும் கை வைக்காதீர்கள்

மேலே சொன்னதில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. நீங்கள் தயாரித்த அட்டவணையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் இணையத்தில் பதிவிறக்கிய சான்றிதழோ, நில அளவை வரைபடமோ அப்படி அல்ல.

மின் கையொப்பம் உள்ள பிடிஎஃப்-இல் Fix Hairlines போன்ற எதைச் செய்து சேமித்தாலும், ஃபைல் மாறிவிட்டது என்று கையொப்பச் சோதனை காட்டிக்கொடுக்கும். நீங்கள் கோட்டைத் தடிமனாக்க மட்டும்தான் செய்தீர்கள் என்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது. இதற்கு மாறாக, டோனர், அளவு, Print As Image ஆகிய மூன்றும் அச்சடிக்கும் முறையை மட்டுமே மாற்றுகின்றன. ஃபைல் அப்படியே இருக்கும். ஆகவே இந்த மூன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

நில வரைபடத்தில் உட்பிரிவுக் கோடு மங்கி விழுந்தால், தயவுசெய்து அதன் மேல் பேனா ஓட்டாதீர்கள். ‘தெரியட்டும்னுதான் போட்டேன்’ என்று பிறகு விளக்கம் சொன்னாலும், திருத்தப்பட்ட படம் என்ற சந்தேகம் வந்துவிடும். அசல் பிடிஎஃப்-இலிருந்து மறுபடி அச்செடுங்கள். வரைபடத்துக்கு Actual size இன்னும் முக்கியம். Fit வைத்துச் சுருக்கினால், படத்தில் குறிப்பிட்டிருக்கும் அளவுவிகிதம் தாளில் பொருந்தாது. ஸ்கேல் வைத்து அளப்பவருக்குத் தவறான நீளம் கிடைக்கும்.

தாளில் வந்த வரைபடத்தைப் போனில் உள்ள பிடிஎஃப்-உடன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மூலையிலும் கோடு மூடுகிறதா என்று ஒரு முறை விரலால் ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு பக்கம் திறந்திருந்தால், கடையை விட்டு இறங்கும் முன்பே இன்னொரு பிரதி கேளுங்கள்.